நாலு கட்டம், குச்சி மனிதர்கள்

1. ஒகேனக்கல்

கட்டம் 1: பாறைமேல் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தோடு மசாஜ்காரர். பின்னால் மூன்று கோடு, அதுதான் அருவி.
“பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்தேன். உடம்பெல்லாம் வலி.”

கட்டம் 2: “கவலையை விடுங்கள் ஐயா. முப்பது வருடத் தொழில்.”

கட்டம் 3: மசாஜ்காரர் நிற்கிறார். குனிகிறார். சுற்றி வந்து மறுபுறம் பார்க்கிறார். வசனம் இல்லை.

கட்டம் 4: “ஐயா, கை பிடித்தாயிற்று, கால் பிடித்தாயிற்று. முதுகு எங்கே இருக்கிறது?”
“வரைந்தவனைக் கேளப்பா. வலியை மட்டும் மறக்காமல் கொடுத்துவிட்டான்.”

2. தகடூர்

கட்டம் 1: கிரீடம் வைத்த குச்சி மனிதர், அதியமான். (கிரீடம் மூன்று முக்கோணம். இதற்குமேல் எனக்கு வராது.) கையில் நெல்லிக்கனி.
“இதை உண்டவர் நெடுங்காலம் வாழ்வார். கிடைத்தது இந்த ஒன்றுதான்.”

கட்டம் 2: கூன் விழுந்த கோடு, ஔவையார். வாயில் கனி.
“புளிக்கிறதே! நீ உண்டாயா, அதியா?”
“உங்களுக்காகவே கொண்டுவந்தேன்.”

கட்டம் 3: ஏறக்குறைய 2,000 வருடம் கழித்து. தகடூர் இப்போது தருமபுரி. அங்கே ஓர் அலுவலக ஜன்னல். நீண்ட வரிசையின் கடைசியில் அதே கூன், அதே கோல்.

கட்டம் 4: “பாட்டி, நீங்கள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிகிறது. ஆயுள் சான்றிதழ் எங்கே?”
ஔவையார் முந்தானையை அவிழ்த்து நெல்லிக்கொட்டையை நீட்டுகிறார்.
“இதில் அதிகாரி கையெழுத்து இல்லையே!”

3. கிருஷ்ணகிரி

கட்டம் 1: மாந்தோப்பு. விவசாயியும் வியாபாரியும். இருவருக்கும் ஒரே முகம். வியாபாரிக்கு மட்டும் தொப்பை, அதாவது ஒரு சின்ன வட்டம்.
“பெங்களூரா மாங்காய் இந்த வருடம் கொட்டோ கொட்டென்று காய்த்திருக்கிறது. வரத்து அதிகம். அதனால் விலை குறைவு.”

கட்டம் 2: அடுத்த வருடம். கிளைக்கு ஒரு காய். வட்டம் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.
“காய் சிறுத்துவிட்டதே! கூழ் ஆலையில் யார் எடுப்பார்கள்? அதனால் விலை குறைவு.”

கட்டம் 3: மூன்றாம் வருடம்.
“இந்த வருடம் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. காயும் நல்ல காய். இப்போது என்ன சொல்வீர்கள்?”
வியாபாரி வானத்தைப் பார்க்கிறார். “மழை வரும்போல் இருக்கிறது. அதனால்…”

கட்டம் 4: நான்காம் வருடம். தோப்பு முழுக்க அடிக்கட்டைகள். விவசாயி ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்.
“ஐயோ, மரமெல்லாம் எங்கே?”
“வெட்டி விறகுக்குப் போட்டுவிட்டேன்.”
“நல்ல விலை வந்திருக்குமே?”
“எங்கே! ஊரே வெட்டுகிறது, வரத்து அதிகம் என்று சொல்லிவிட்டார் உங்கள் தம்பி.”