திறந்த பால் பாத்திரம்: இடைக்கண்டக் கணக்கு, படிப்படியாக

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் வினாவின் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனாலும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகத்தான் இருக்கிறது. முதலில் அதை முழுதாக எழுதிக்கொள்வோம்.

வினா: மேற்புறம் திறந்த நிலையில் உள்ள ஓர் உலோகப் பாத்திரம், கூம்பின் இடைக்கண்ட வடிவில் உள்ளது. அதன் மேல், கீழ் விட்டங்கள் முறையே 40 செ.மீ, 24 செ.மீ. உயரம் 15 செ.மீ. (i) லிட்டருக்கு ₹50 வீதம் பாத்திரம் நிறையப் பால் நிரப்ப ஆகும் செலவு எவ்வளவு? (ii) 100 ச.செ.மீ-க்கு ₹35 வீதம் பாத்திரம் செய்யத் தேவையான உலோகத் தகட்டின் விலை எவ்வளவு? (π = 22/7)

(i)-க்கு நீ கண்டுபிடித்த ₹616 சரி. (ii)-க்கு உனக்கு ₹1196.80 வந்திருக்கிறது, புத்தகத்தின் விடை ₹756.80. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக ₹440. இந்த 440-ஐ நினைவில் வை, பிறகு வருகிறேன்.

படி 1: தரவுகள்

படத்தில் அம்புக்குறி வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை போகிறது. அதாவது 40, 24 இரண்டும் விட்டம். சூத்திரத்துக்கு ஆரம் வேண்டும், எனவே முதல் வேலையே பாதியாக்குவதுதான்.

R = 40/2 = 20 செ.மீ
r = 24/2 = 12 செ.மீ
h = 15 செ.மீ

விட்டத்தையே ஆரமாகப் போட்டால் என்ன ஆகும்? சூத்திரத்தில் ஆரங்கள் இருபடியாக வருவதால் கன அளவு நான்கு மடங்காகி, பால் செலவு ₹2464 என்று வந்து நிற்கும். சாயுயரம் போடும்போதும் √481 என்று முழு எண் ஆகாத வர்க்கமூலம் வரும். புத்தகக் கணக்குகளில் மூலம் பெரும்பாலும் அழகாக முடியும். முடியவில்லை என்றால் தரவை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

படி 2: கன அளவு

V = (1/3) × π × h × (R² + Rr + r²)

அடைப்புக்குள் இருப்பதை மட்டும் முதலில் தனியாகப் போடு:

R² = 400
Rr = 20 × 12 = 240
r² = 144
கூடுதல் = 784

இப்போது பிரதியிடு:

V = (1/3) × (22/7) × 15 × 784
= 5 × (22/7) × 784
= 5 × 22 × 112
= 12320 க.செ.மீ

784-ஐ 7 ஆல் வகுத்தால் 112. பெருக்கும் முன்பே இப்படிச் சுருக்கிவிடு. 22 × 784 என்று பெருக்கிவிட்டுப் பிறகு வகுத்தால் தப்பில்லை, ஆனால் தேர்வு அவசரத்தில் பிசகுவது அந்த இடத்தில்தான்.

நடுவில் உள்ள Rr-ஐ விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். விட்டால் 544 × 5π = 2720π என்று வரும். இது தவறு என்று சூத்திரம் பார்க்காமலே சொல்லலாம். மேல், கீழ் ஆரங்களின் சராசரி 16. அந்த ஆரமும் இதே 15 செ.மீ உயரமும் கொண்ட உருளையின் கன அளவு π × 256 × 15 = 3840π. இடைக்கண்டத்தின் கன அளவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அகலமான மேற்பகுதி இருபடியாகக் கூடுகிறது. நமக்கு வந்தது 5 × 784 × π = 3920π. 80π மட்டும் கூடுதல், சரியாகவே இருக்கிறது.

படி 3: பால் செலவு

1 லிட்டர் = 1000 க.செ.மீ
12320 ÷ 1000 = 12.32 லிட்டர்
12.32 × 50 = ₹616

படி 4: சாயுயரம்

தகடு என்றாலே பரப்பு. வளைபரப்புக்கு நேர் உயரம் உதவாது, சாயுயரம் வேண்டும். கடலைப் பொட்டலத்தின் கூம்பைப் பிரித்துத் தரையில் விரித்துப் பார்: தாளின் நீளம் சரிவோடு போகிறது, நடுவில் நேராக இறங்கும் உயரத்தோடு அல்ல. கூர்முனையை வெட்டிவிட்டால் அதுவே இடைக்கண்டம், சரிவின் நீளம் மட்டும் குறையும்.

l = √(h² + (R − r)²)
= √(15² + 8²)
= √(225 + 64)
= √289
= 17 செ.மீ

இங்கே (R − r) கழித்தல். வளைபரப்பில் வரும் (R + r) கூட்டல். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதே. கீழ் விளிம்பிலிருந்து நேர்மேலே ஒரு கோடு வரைந்தால், மேல் வட்டத்தில் அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே மிஞ்சுவது 20 − 12 = 8. செங்கோண முக்கோணம் அதில்தான் கிடைக்கிறது.

படி 5: தகட்டின் பரப்பு

பாத்திரம் மேலே திறந்திருக்கிறது. ஆகவே தகடு போவது இரண்டு இடத்துக்கு மட்டும்: சுற்றுப்புறம், அடிப்பகுதி.

வளைபரப்பு = π(R + r)l = π × 32 × 17 = 544π
அடிப்பரப்பு = πr² = 144π
மொத்தம் = 688π ச.செ.மீ

π-ஐ இதுவரை பிரதியிடாமல் வைத்திருப்பதைக் கவனி. தனித்தனியாகத் தசமமாக்கினால் 1709.71, 452.57 என்று இரண்டு தோராய எண்களைக் கூட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் விடை பெரிதாக மாறாது என்றாலும் எழுத்து வேலை இரட்டிப்பாகும்.

படி 6: தகட்டின் விலை

விலை = 688 × (22/7) × (35/100)

35-ஐ 7 ஆல் வகுத்தால் 5:

= 688 × 22 × 5 / 100
= 688 × 110 / 100
= ₹756.80

35 என்ற வீதத்தை 7-இன் மடங்காகக் கொடுத்ததே இப்படிச் சுருங்குவதற்காகத்தான். இந்த இடத்தில் 3.14 போட்டால் ₹756.11 என்று வந்து விடையோடு பொருந்தாது. வினா 22/7 என்று சொன்னால் 22/7 மட்டும்தான்.

இப்போது அந்த 440. மேல் வட்டத்தின் பரப்பு π × 400. அதற்கான விலை:

400 × (22/7) × (35/100) = 400 × 110 / 100 = ₹440

மொத்தப் புறப்பரப்புச் சூத்திரத்தை, π(R + r)l + πR² + πr², அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். அதில் πR² மூடிக்கானது. உன் பாத்திரத்துக்கு மூடி கிடையாது. உன் பெருக்கலிலும் சுருக்கலிலும் ஒரு பிழையும் இல்லை, முதல் வரியில் எழுதிய சூத்திரம் மட்டும்தான் பிசகு. உனக்கு ₹686.40 வந்திருந்தால் காரணம் வேறு: l-க்குப் பதில் h போட்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

கன அளவைச் சூத்திரமில்லாமல் சரிபார்க்க

வெட்டப்பட்ட கூர்முனையையும் சேர்த்து முழுக் கூம்பின் உயரம் H என்க. வடிவொத்த முக்கோணங்களின்படி:

H / 20 = (H − 15) / 12
12H = 20H − 300
H = 37.5 செ.மீ

வெட்டிய சிறு கூம்பின் உயரம் 22.5 செ.மீ. பெரியதிலிருந்து சிறியதைக் கழி:

(1/3)π(400 × 37.5 − 144 × 22.5)
= (1/3)π(15000 − 3240)
= (1/3)π × 11760
= 3920π

படி 2-இல் வந்த அதே எண். இதை விடைத்தாளில் எழுத வேண்டாம், ஓரத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். விடைத்தாளில் R, r, h எழுதிய வரி, சூத்திரம், பிரதியிட்ட வரி, அலகோடு விடை, இந்த நான்கும் (i)-க்கும் (ii)-க்கும் தனித்தனியாக இருக்கட்டும். படமும் போடு, 20-ஐயும் 12-ஐயும் ஆரக் கோட்டின் மேலேயே எழுது.