சீட்டு பாக்கி சரசு

ஆச்சியின் போன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேச ஆரம்பித்தது. எங்கே தொட்டாலும் பேச்சு. "மணி இரண்டு பதினேழு. பேட்டரி நாற்பத்து மூன்று சதவீதம்." அம்மன் சன்னதியில் தீபாராதனை காட்டும் நேரத்தில் சுருக்குப்பைக்குள்ளிருந்து "கால்குலேட்டர், திறக்க இருமுறை தட்டவும்" என்றது. அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார்.

பேசினால் போகட்டும், போனை எடுக்க முடியவில்லை. பச்சை வட்டத்தை எப்போதும்போல் தள்ளினாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூரில் மகன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குப் பேசினார். அம்பாசமுத்திரம் கடைவீதியில் ரிப்பேர் பையன், "போர்டு போச்சு, 1,800 ரூபா ஆகும்" என்றான். ஆச்சி போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் சரசு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மகள் நம்பரைத் தேடி ஆச்சி விரலை வைக்க, போன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது: "சீட்டு பாக்கி சரசு."

பொங்கலுக்கு வந்த பேத்தி, ஆச்சி சொன்னதை அப்படியே பதிந்து வைத்திருந்தாள். சரசு வெற்றிலையைத் துப்பக்கூட நிற்காமல் போனாள்.

சனிக்கிழமை பேரன் வந்தான். வாங்கிப் பார்த்தவன் சிரித்தான்.

"போனுக்கு ஒண்ணும் இல்ல ஆச்சி. கண்ணு தெரியாதவங்களுக்குன்னு உள்ளயே வச்சிருக்கது. டாக்பேக்னு பேரு. ஒரு தடவை தொட்டா வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும்."

"நான் ஒண்ணும் போடலியே."

"சத்தம் கூட்ட, குறைக்க ரெண்டு பட்டன் இருக்குல்லா? ரெண்டையும் சேர்த்து 3 செகண்ட் அமுக்கினா வந்துரும். நீங்க போனைப் பிடிக்கிற பிடிக்கு வராம இருக்குமா?"

அமைப்புகளைத் தொட்டான்; பச்சைக் கட்டம் சுற்றிக்கொண்டது, பேர் சொன்னது. இருமுறை தட்டினான். ஒரு விரலால் இழுத்தால் பக்கம் நகரவில்லை, இரண்டு விரலால் இழுத்தான். அணுகல்தன்மை. டாக்பேக். நிறுத்தவா என்று அதுவே கேட்டது. தட்டினான். பேச்சு நின்றது.

ஆச்சி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"ஏல, நேத்து சரசு 2,000 ரூபாயைக் கொண்டாந்து கையில வச்சுட்டுப் போனா. எட்டு மாசமாக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிச்சது."

"அதுக்கு?"

"அந்த ரெண்டு பட்டனையும் காட்டு."

காட்டினான். ஆச்சி அமுக்கிப் பார்த்தாள். போன் பேசியது. மறுபடி அமுக்கினாள். அடங்கியது. இடுப்பில் செருகப் போனவள், நின்று யோசித்து அவனிடமே திரும்ப நீட்டினாள்.

"கீழத்தெரு முருகம்மா நாளைக்கு வாரா. அவளை வெறும் முருகம்மான்னுதான் போட்டிருக்கு. கொஞ்சம் மாத்திப் போடு."