அவள் என்ன செய்தாள்? பெண்கள் ஐக்கியத்துக்கான ஆறு வார வேதபாடம்

நடத்தும் சகோதரிகளுக்கு

இந்தத் தொடர் வியாழக்கிழமைக் கூடுகைக்காக எழுதப்பட்டது. ஒரு கூடுகைக்கு 75 நிமிடம்: பாட்டும் ஜெபமும் 10, வேதவாசிப்பு 10, விளக்கம் 10, கலந்துரையாடல் 35, விண்ணப்பங்களும் முடிவு ஜெபமும் 10. விளக்கம் பிரசங்கமாக நீண்டால் கலந்துரையாடல்தான் குறையும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமித்துவிடுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். பெரிய வட்டத்தில் எப்போதும் பேசுகிற மூன்று பேரே பேசிக்கொண்டிருப்பார்கள்.

எல்லா வாரமும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண் என்ன செய்தாள்? "விசுவாசமுள்ளவள்", "பொறுமைசாலி" என்று பதில் வந்தால் ஏற்காதீர்கள். "எழுந்தாள்", "அனுப்பினாள்", "விரித்தாள்" என்று வசனத்தில் உள்ள வினைச்சொல்லைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். குணத்தைப் பேசினால் நமக்கு எட்டாத உயரத்தில் அவளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். செயலைப் பேசினால் அப்படித் தப்பிக்க முடியாது.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். பயத்தால் தள்ளிப்போட்டு வருகிற ஒரு காரியத்தை எழுதி, மடித்து, மேலே தங்கள் பெயரை எழுதி ஒரு உறையில் போடட்டும். யாரும் வாசிக்கமாட்டோம் என்று சொல்லி, அப்படியே இருங்கள்.

முதல் வாரம்: சிப்பிராள், பூவாள்
யாத்திராகமம் 1:8-22

உலகத்தின் பெரிய ராஜாவுக்கு இந்த அதிகாரத்தில் பெயர் இல்லை, வெறும் பார்வோன். இரண்டு மருத்துவச்சிகளுக்கோ பெயர் இருக்கிறது. பிரசவ மணையின்மேல் தாய் உட்கார்ந்திருக்கையிலேயே ஆண்பிள்ளையைக் கொன்றுபோட வேண்டும் என்பது கட்டளை. குழந்தை முதலில் விழுவது அவர்கள் கைகளில்தான் என்பதால், ராஜாவுக்கு அந்தக் கைகள் தேவைப்பட்டன. 17ஆம் வசனம் காரணத்தைச் சொல்கிறது: "தேவனுக்குப் பயந்ததினால்." அவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பெரிய பயம் சிறிய பயத்தை ஒதுக்கிவைத்தது.

அவர்கள் எபிரெயப் பெண்களா, எபிரெயருக்கு வேலை செய்த எகிப்தியப் பெண்களா என்பதை மூல மொழியின் சொல்லமைப்பு இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுக்கிறது. எகிப்தியர் என்று வைத்துப் படித்தால், வேற்று இனத்துப் பிள்ளைகளுக்காகத் தங்கள் தலையைப் பணயம் வைத்தார்கள் என்றாகிறது.

1. மருத்துவச்சிகள் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள்?
2. 19ஆம் வசனத்தில் பார்வோனுக்கு அவர்கள் சொன்ன பதில் பொய்யா? (ஐந்து நிமிடம் மட்டும். விட்டால் இதுவே முழு நேரத்தையும் தின்றுவிடும்.)
3. 22ஆம் வசனத்தில் கட்டளை இன்னும் கொடியதாகிறது. அப்படியானால் அவர்கள் செய்தது வீணா?
4. உங்கள் வேலையில், உங்கள் கைகள் மறுத்தால் நடக்காமல் போகக்கூடிய அநியாயம் எது?

இரண்டாம் வாரம்: செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள்
எண்ணாகமம் 27:1-11, 36:1-12, யோசுவா 17:3-4

மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மூன்று பகுதிகளையும் சேர்த்தே வாசியுங்கள். முதல் பகுதியோடு நிறுத்தினால் "கேட்டார்கள், கிடைத்தது" என்று சுலபமாக முடிந்துவிடும். தகப்பனுடைய பங்கு நிலத்தைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது ஆசரிப்புக் கூடாரவாசலில், மோசேக்கும் எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக. அவர்கள் வாதம் கச்சிதமானது: தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவரல்ல, அவருக்குக் குமாரர் இல்லை, அதற்காக அவர் பெயர் அற்றுப்போவானேன்? அழவில்லை, யாரையும் பழிக்கவில்லை. மோசே தானே தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். "பேசுகிறது சரிதான்" என்று கர்த்தர் சொல்கிறார்.

பிறகு 36ஆம் அதிகாரத்தில் உறவுக்காரர் வந்து, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் பெறுகிறார்கள். யோசுவாவில், மோசே இறந்தபின், அதே பெண்கள் மறுபடியும் போய் "கர்த்தர் கட்டளையிட்டாரே" என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1. அவர்கள் வாதத்தை வரிசையாகச் சொல்லுங்கள். எந்த இடம் பலமானது?
2. ஐவரும் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தி மட்டும் வந்திருந்தால்?
3. ஒருமுறை கிடைத்த உரிமையை இரண்டாம் முறை கேட்க வேண்டியிருப்பதில் எது கடினம்?

கவனம்: இந்த வாரம் பேச்சு குடும்பச் சொத்துச் சண்டைக்குத் திரும்பும். அண்ணன், நாத்தனார் பெயரெல்லாம் வெளிவரும். தொடக்கத்திலேயே "பெயர் சொல்லாமல் பேசுவோம்" என்று சொல்லிவையுங்கள். சட்ட ஆலோசனை கேட்டால், கூட்டத்தில் சொல்லாமல் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம்: அபிகாயில்
1 சாமுவேல் 25:2-42

நீண்ட பகுதி. கதை சொல்பவர், தாவீது, நாபால், வேலைக்காரன், அபிகாயில் என்று ஐந்து குரலாகப் பிரித்து வாசித்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும்.

நாபாலுக்கு 3,000 ஆடும் 1,000 வெள்ளாடும் இருந்தன. அவன் தாவீதின் ஆட்களை அவமதித்து அனுப்புகிறான். தாவீது 400 பேருடன் பட்டயம் கட்டிப் புறப்படுகிறான். இங்கே முதலில் தைரியம் காட்டியது அபிகாயில் அல்ல, பெயரில்லாத அந்த வேலைக்காரன். எஜமானோடு யாரும் பேச முடியாது என்று எஜமானியிடமே சொல்கிறான். இதைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

18ஆம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடு, 5 படி வறுத்த தானியம், 100 திராட்சவற்றல் குலை, 200 அத்திப்பழ அடை. நானூறு பேருக்கு ஆளுக்குப் பாதி அப்பம்தான் வரும். வயிறு நிறைய விருந்து வைக்க நேரம் இல்லை; கோபத்தை நிறுத்த எது போதுமோ அதைக் கழுதைகள்மேல் ஏற்றுகிறாள். அதை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் போகிறாள். தாவீது முதலில் பார்க்க வேண்டியது உணவை என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

அடுத்து அவள் பேச்சு, 24 முதல் 31 வரை. "நீர் செய்வது தவறு" என்று நேராகச் சொல்லவே இல்லை. நீர் அதிபதியாகும் நாளில், காரணமில்லாமல் இரத்தம் சிந்தினது உம்முடைய மனதை உறுத்தாமல் இருக்கட்டும் என்கிறாள். தாவீதின் நாளைய மனச்சாட்சியோடு பேசுகிறாள். கணவனிடம் சொல்வதற்கும் நேரம் பார்க்கிறாள்: அவன் குடித்திருந்த இரவில் ஒன்றும் சொல்லாமல், வெறி தெளிந்த காலையில் சொல்கிறாள்.

1. அபிகாயில் செய்தவற்றை வரிசைப்படுத்துங்கள். எது முதலில், எது பின்னால், ஏன்?
2. வேலைக்காரன் ஏன் அவளிடம் வந்தான்? நம்மிடம் அப்படி யார் தயங்காமல் வருவார்கள்?
3. கோபத்தில் இருப்பவரிடம் அவள் பேசிய விதத்தில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன, கூடாதது என்ன?
4. கணவனிடம் கேட்காமல் செய்தாள். வேதம் அவளைக் கண்டிக்கிறதா?

கவனம்: குடித்து அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள்ளும்படி சொல்ல இந்தப் பகுதியை யாராவது பயன்படுத்தினால், உடனே நிறுத்துங்கள். அபிகாயில் சும்மா இருந்து சகிக்கவில்லை. வீட்டாரின் உயிரைக் காக்க வெளியே போய்ச் செயல்பட்டாள். நாபால் பத்து நாள் கழித்து இறந்ததை ஒரு வாக்குத்தத்தமாகவும் சொல்லாதீர்கள். யாராவது வீட்டில் ஆபத்து இருக்கிறது என்று சொன்னால், கூட்டம் முடிந்ததும் தனியாகப் பேசி, பாதுகாப்பான இடத்துக்கும் உதவிக்கும் வழி செய்யுங்கள். "ஜெபிக்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது.

நான்காம் வாரம்: ரிஸ்பாள்
2 சாமுவேல் 21:1-14

பிள்ளையை இழந்த தாய்மார் கூட்டத்தில் இருந்தால், இரண்டு நாள் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

மூன்று வருடப் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழிக்கு ஈடாக, அவன் வீட்டார் ஏழுபேர் மலையின்மேல் தூக்கிப்போடப்படுகிறார்கள். அவர்களில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். மரத்தில் தூக்கப்பட்டவனை அன்றே அடக்கம்பண்ண வேண்டும் என்று உபாகமம் 21:23 சொல்கிறது. இவர்களை யாரும் அடக்கம்பண்ணவில்லை. ரிஸ்பாள் இரட்டுப்புடவையை எடுத்துப்போய்ப் பாறையின்மேல் விரிக்கிறாள். வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்திலிருந்து மழை பெய்யுமட்டும் அங்கேயே இருந்து, பகலில் பறவைகளையும் இரவில் காட்டுமிருகங்களையும் விரட்டுகிறாள். ஏழு உடல்களையும். ஐந்து அவள் பிள்ளைகளுடையவை அல்ல.

அவள் பேசிய ஒரு சொல்கூட வேதத்தில் இல்லை. ஆனால் தாவீதுக்குச் செய்தி எட்டுகிறது. அவன் போய் சவுல், யோனத்தான் எலும்புகளையும் எடுத்துவந்து, இவர்களுடைய எலும்புகளையும் சேர்க்கிறான். அடக்கம் நடந்த பிறகுதான் தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்கிறது 14ஆம் வசனம்.

வாசித்தபின் இரண்டு நிமிடம் மௌனம். யாராவது ஆறுதல் வசனம் சொல்லி அதை நிரப்பப் பார்ப்பார்கள், கையமர்த்துங்கள்.

1. அவள் என்ன செய்தாள்? பகலில் என்ன, இரவில் என்ன?
2. அவளால் மரணத்தைத் தடுக்க முடியவில்லை. எதைத் தடுத்தாள்?

இதற்குமேல் கேள்வி வேண்டாம்.

ஐந்தாம் வாரம்: எஸ்தர்
எஸ்தர் 4:1 - 5:8

முழுப் புத்தகமும் 10 அதிகாரம், 167 வசனம். வீட்டிலேயே வாசித்து வரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் தெரியாத இடங்களில் நில்லுங்கள். எஸ்தரின் முதல் பதில் மறுப்புத்தான்: அழைக்காமல் போனால் சாவு, தன்னையோ ராஜா 30 நாளாக அழைக்கவில்லை. மொர்தெகாயும் "இப்படிப்பட்ட காலத்துக்கு" என்று சொன்னபோது "யாருக்குத் தெரியும்" என்றுதான் முடிக்கிறான். அவனுக்கும் நிச்சயமில்லை, நாம்தான் அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறோம். "செத்தாலும் சாகிறேன்" என்றவள் நேராக அழுதுகொண்டு போகவில்லை. மூன்று நாள் உபவாசம், ராஜவஸ்திரம், ஒரு விருந்து, மறுபடி ஒரு விருந்து, அதன்பிறகே விண்ணப்பம்.

1. மறுப்பிலிருந்து சம்மதத்துக்கு அவளை நகர்த்தியது எது?
2. தனக்காக உபவாசிக்கும்படி மற்றவர்களைக் கேட்டாள். நாம் ஏன் அப்படிக் கேட்கத் தயங்குகிறோம்?
3. முதல் விருந்திலேயே அவள் ஏன் விண்ணப்பத்தைச் சொல்லவில்லை?

ஆறாம் வாரம்: கல்லறைக்குப் போன பெண்கள்
மாற்கு 15:40 - 16:8

மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே. ஓய்வுநாள் முடிந்தபின் சுகந்தவர்க்கம் வாங்கி, விடியற்காலையில் புறப்படுகிறார்கள். வழியில்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: கல்லை யார் நமக்குப் புரட்டுவார்? பதில் தெரியாமலே நடக்கிறார்கள். 8ஆம் வசனத்தில் நடுங்கி ஓடி, பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு சுவிசேஷம் இந்த வசனத்தோடு நிற்கிறது. இன்று நீங்களும் இங்கேயே வாசிப்பை நிறுத்துங்கள்.

1. சிலுவையின் நேரத்திலிருந்து எட்டாம் வசனம் வரை இவர்கள் செய்தவை என்னென்ன?
2. கல்லைப்பற்றி யோசிக்காமல் புறப்பட்டது முட்டாள்தனமா?
3. ஒன்றும் சொல்லாமல் போனார்கள் என்றால், நமக்கு இந்தச் செய்தி எப்படி வந்தது?

முடிவு ஜெபத்துக்கு முன் உறையைத் திறந்து, சீட்டுகளை மேலே உள்ள பெயர்ப்படி அவரவர் கையில் கொடுங்கள். பிரிக்கச் சொல்ல வேண்டாம், சாட்சி கேட்கவும் வேண்டாம். வராதவர்களின் சீட்டை மறுநாள் அவர்கள் கையிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.