மூன்று லட்ச ரூபாய் முன்னுரிமைப் பங்குகளை மீட்டல்: கணக்கும் தீர்வும்

கணக்கு

ஒரு பின்னலாடை கம்பெனியின் இருப்புநிலை, 31.03.2024 அன்று:

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| நேர்மைப் பங்குகள் 50,000, தலா ரூ.10 | 5,00,000 | நிலைச் சொத்துகள் | 7,60,000 |
| 9% மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகள் 3,000, தலா ரூ.100 | 3,00,000 | முதலீடுகள் | 1,00,000 |
| பத்திர முனைமம் | 20,000 | சரக்கிருப்பு | 1,20,000 |
| பொதுக் காப்பு | 1,60,000 | கடனாளிகள் | 90,000 |
| இலாப நட்டக் கணக்கு | 90,000 | வங்கி | 1,30,000 |
| கடனீந்தோர் | 1,30,000 | | |
| மொத்தம் | 12,00,000 | மொத்தம் | 12,00,000 |

முன்னுரிமைப் பங்குகள் 2019-இல் வெளியிடப்பட்டவை, முழுவதும் செலுத்தப்பட்டவை. 01.04.2024 அன்று 10% முனைமத்தில் இவை மீட்கப்படுகின்றன. அதற்காக ரூ.10 மதிப்புள்ள 12,000 புதிய நேர்மைப் பங்குகள் தலா ரூ.12-க்கு வெளியிடப்பட்டு, பணம் முழுவதும் வந்துசேர்ந்தது. முதலீடுகள் ரூ.95,000-க்கு விற்கப்பட்டன. கம்பெனி, கம்பெனிகள் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படியான கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றுகிறது. குறிப்பேட்டுப் பதிவுகளும் மீட்புக்குப் பின் உள்ள இருப்புநிலையும் வேண்டும்.

தீர்வு

முதலில் சட்டம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, முழுவதும் செலுத்தப்பட்ட பங்குகளை மட்டுமே மீட்க அனுமதிக்கிறது. மீட்புக்கான பணம் இரண்டு வழிகளில்தான் வரலாம்: பங்காதாயம் தரத்தக்க இலாபம், அல்லது மீட்புக்கென்றே செய்யப்பட்ட புதிய பங்கு வெளியீடு. இலாபத்திலிருந்து மீட்கும் அளவுக்கு மூலதன மீட்புக் காப்பில் தொகை ஒதுக்கியே ஆக வேண்டும். கடன்பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டினால் அது புதிய வெளியீடாகக் கொள்ளப்படாது.

இந்தக் காப்பு எதற்கு என்று புரிந்துகொண்டால் கணக்கில் பாதி முடிந்துவிடும். கடனீந்தோர் இந்தக் கம்பெனிக்கு நூலும் சாயமும் கடனாகக் கொடுத்தபோது அதன் பங்குமுதல் எட்டு லட்சம். அது எளிதில் பங்குதாரர் கைக்குத் திரும்பிப் போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. மூன்று லட்சத்தைத் திருப்பித் தந்தால் அந்த இடம் காலியாகும். அதைப் புதிய பங்குமுதலால் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்ப முடியாத அளவுக்கு இலாபத்தை எடுத்து, பங்காதாயமாக வெளியே போகாதபடி பூட்டி வைக்க வேண்டும். அந்தப் பூட்டுதான் மூலதன மீட்புக் காப்பு. அதனால்தான் நான் மாணவர்களுக்குச் சூத்திரத்தைக் கடைசியில்தான் சொல்கிறேன்.

மீட்கும் பங்குகளின் முகமதிப்பு ரூ.3,00,000. புதிய பங்குகளின் முகமதிப்பு 12,000 × 10 = ரூ.1,20,000. ஆகவே காப்புக்கு மாற்ற வேண்டியது ரூ.1,80,000.

விடைத்தாள்களில் நான் அதிகமாகக் காணும் பிழை இங்கேதான். வந்த பணம் 1,44,000 ஆயிற்றே என்று அதையே கழித்து, 1,56,000 என்று எழுதிவிடுகிறார்கள். வங்கியில் 1,44,000 வந்தது உண்மை. ஆனால் அதில் 24,000 முனைமம். அது பத்திர முனைமக் கணக்குக்குப் போகிறதே தவிர, பங்குமுதல் ஆவதில்லை. மீட்கும்போது தரும் 30,000 முனைமத்தையும் இந்தக் கழித்தலில் சேர்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் முகமதிப்பு மட்டுமே.

அந்த 30,000-ஐ எதிலிருந்து ஈடுகட்டுவது? பத்திர முனைமக் கணக்கில் பணம் இருக்கிறதே என்று கை அங்கே போகும். பழைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. இப்போது, தரநிலைகளைப் பின்பற்றும் இத்தகைய கம்பெனி இலாபத்திலிருந்துதான் அதை ஈடுகட்ட வேண்டும். எனவே இலாப நட்டக் கணக்கே தாங்கும்.

குறிப்பேட்டுப் பதிவுகள் (ப = பற்று; மற்றவை வரவு)

1. வங்கி க/கு ப 1,44,000
நேர்மைப் பங்குமுதல் க/கு 1,20,000
பத்திர முனைமம் க/கு 24,000
(12,000 பங்குகள் தலா ரூ.12-க்கு வெளியிட்டது)

2. வங்கி க/கு ப 95,000
இலாப நட்ட க/கு ப 5,000
முதலீடுகள் க/கு 1,00,000
(முதலீடுகளை நட்டத்தில் விற்றது)

3. 9% முன்னுரிமைப் பங்குமுதல் க/கு ப 3,00,000
மீட்பு முனைமம் க/கு ப 30,000
முன்னுரிமைப் பங்குதாரர் க/கு 3,30,000
(மீட்புக்குத் தர வேண்டிய தொகை)

4. இலாப நட்ட க/கு ப 30,000
மீட்பு முனைமம் க/கு 30,000
(முனைமத்தை இலாபத்தில் ஈடுகட்டியது)

5. பொதுக் காப்பு க/கு ப 1,60,000
இலாப நட்ட க/கு ப 20,000
மூலதன மீட்புக் காப்பு க/கு 1,80,000
(55-ஆம் பிரிவின்படி மாற்றியது)

6. முன்னுரிமைப் பங்குதாரர் க/கு ப 3,30,000
வங்கி க/கு 3,30,000
(பணம் கொடுத்துத் தீர்த்தது)

ஐந்தாவது பதிவில் பொதுக் காப்பை முழுதும் எடுத்துக்கொண்டு, குறைந்த 20,000-ஐ இலாப நட்டக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறேன். வேறு விகிதத்தில் எடுத்தாலும் தவறில்லை, இரண்டுமே பங்காதாயம் தரத்தக்கவை. பத்திர முனைமத்தை மட்டும் இங்கே தொடவே கூடாது.

வங்கி: 1,30,000 + 1,44,000 + 95,000 = 3,69,000. கொடுத்தது 3,30,000, மீதி 39,000. முதலீட்டை விற்காமல் இருந்திருந்தால் கையில் 2,74,000-தான், மீட்பே நடந்திருக்காது. காப்பு ஒதுக்குவதும் பணம் புரட்டுவதும் வெவ்வேறு வேலைகள் என்பது இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. பொதுக் காப்பில் 1,60,000 இருந்தது என்பதால் வங்கியில் அவ்வளவு ரொக்கம் இருந்தது என்று பொருளில்லை.

இலாப நட்டக் கணக்கு: 90,000 − 5,000 − 30,000 − 20,000 = 35,000.

மீட்புக்குப் பின் இருப்புநிலை, 01.04.2024

| விவரம் | ரூ. |
|---|---|
| பங்குமுதலும் பொறுப்புகளும் | |
| நேர்மைப் பங்குமுதல் (62,000 பங்குகள், தலா ரூ.10) | 6,20,000 |
| மூலதன மீட்புக் காப்பு | 1,80,000 |
| பத்திர முனைமம் (20,000 + 24,000) | 44,000 |
| இலாப நட்டக் கணக்கு | 35,000 |
| கடனீந்தோர் | 1,30,000 |
| மொத்தம் | 10,09,000 |
| சொத்துகள் | |
| நிலைச் சொத்துகள் | 7,60,000 |
| சரக்கிருப்பு | 1,20,000 |
| கடனாளிகள் | 90,000 |
| வங்கி | 39,000 |
| மொத்தம் | 10,09,000 |

முதல் இரண்டு வரிகளைக் கூட்டிப் பாருங்கள்: 6,20,000 + 1,80,000 = 8,00,000. மீட்புக்கு முன் நேர்மை, முன்னுரிமை இரண்டும் சேர்ந்து இருந்த அதே எட்டு லட்சம். இருபக்க மொத்தமும் 1,91,000 குறைந்திருக்கிறது, ஆனால் கடனீந்தோரின் பாதுகாப்பு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இந்தக் கூட்டல் சரியாக வரவில்லை என்றால், இருபக்கமும் சமன்பட்டிருந்தாலும் விடை தவறுதான். காப்பை 1,56,000 என்று எழுதியவருக்கும் இருப்புநிலை சமன்படும், இலாபம் 24,000 கூடிக் காட்டும். இந்த ஒரு கூட்டல்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

அந்த 1,80,000-ஐ வைத்துப் பங்காதாயம் தர முடியாது. முழுவதும் செலுத்தப்பட்ட போனஸ் பங்குகளாக அதைப் பங்குதாரர்களுக்குத் தரலாம். நான்கு பங்குக்கு ஒன்று என்று தந்தால் 15,500 பங்குகள்; மூலதன மீட்புக் காப்பிலிருந்து 1,55,000 பற்று, நேர்மைப் பங்குமுதலில் அதே தொகை வரவு. காப்பில் மீதி 25,000 இருக்கும்.