சரக்கு முகவர் ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவருதல், இழப்பீடு கோருதல், கப்பல் ஆவணங்களைத் திரும்பப் பெறுதல்: அறிவிப்புக் கடிதம்

நாள்: 2025 அக்டோபர் 6
பதிவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகிறது

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
சரக்கு முகவர் நிறுவனம்

ஐயா,

2024 பிப்ரவரி 12 அன்று நமக்குள் கையெழுத்தான சரக்கு முகவர் ஒப்பந்தத்தை, அதன் 14-ஆம் பிரிவின்படி, இக்கடிதம் உங்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து முடிவுக்குக் கொண்டுவருகிறோம். எழுத்து மூலம் சுட்டிக்காட்டிய பிறகும் அதே வகைக் குறைபாடு மீண்டும் நேர்ந்தால் முன்னறிவிப்புக் காலமின்றி விலகும் உரிமையை அப்பிரிவு எங்களுக்கு அளிக்கிறது. பிப்ரவரியிலும் மே மாதத்திலும் நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு, இனி இப்படி நேராது என்று நீங்கள் எழுதிய பதில்கள் எங்கள் கோப்பில் இருக்கின்றன. அதன் பின்னரே ஆகஸ்ட் மாதச் சேதம் நேர்ந்தது.

ஜனவரியில் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஏற்றிய 310 அட்டைப்பெட்டிகளில் 42 பெட்டிகள் நசுங்கிப் போயின. பருத்தி விரிப்புகள் அடங்கிய பெட்டிகளின் மேல் இயந்திர உதிரிப் பாகங்களின் மரப்பேழைகளை அடுக்கியதே காரணம் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதால், அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. ஏப்ரலில், இடைத்துறைமுகத்தில் ஏழு நாட்களுக்கு மேல் தங்காத கப்பல் சேவையில் இடம் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனையை மீறி வேறு சேவையில் பதிவு செய்தீர்கள். கன்டெய்னர் 23 நாட்கள் வெயிலில் நின்றது. ஒவ்வொரு கன்டெய்னரிலும் வைப்பதாக ஏற்றுக்கொண்ட ஈரம் உறிஞ்சும் பைகளும் அதில் இல்லை. பகல் வெப்பத்தில் எழுந்த ஈரப்பதம் இரவில் கூரையின் உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து சொட்டியதில், 96 பெட்டிகளில் இருந்த பருத்தித் துண்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது.

ஆகஸ்ட் மாதச் சேதம்தான் எங்களை இம்முடிவுக்குத் தள்ளியது. சென்றடைந்த துறைமுகத்தில் சர்வேயர் கன்டெய்னருக்குள் நின்று கதவுகளை மூடச் சொன்னபோது, கூரையின் முன்மூலையில் நாணய அளவு ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்தது. ஓட்டையின் விளிம்பு முழுவதும் பழைய துரு ஏறியிருந்ததால், அது இந்தப் பயணத்தில் உண்டானதல்ல என்று அவர் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். நனைந்த பெட்டியின் அட்டையில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டியபோது வெண்மையாக மாறியது; உள்ளே புகுந்தது உப்பு கலந்த கடல்நீர் என்பதற்கு அது சான்று. கன்டெய்னரைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் கிடங்கில் சரக்கை உள்ளே அடுக்கியதும், சீல் வைத்ததும் உங்கள் ஊழியர்கள். ஏற்றுவதற்கு முன் கதவை மூடி உள்ளிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருவர் பார்த்திருந்தால் 184 பெட்டிகள் வீணாகியிருக்கமாட்டா. சில நிமிடங்களில் முடியும் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்பதை எங்களால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் முகவர்கள் மட்டுமே, பொறுப்பு கப்பல் நிறுவனத்தையே சேரும் என்று செப்டம்பர் 9 மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். மூன்று சரக்குகளுக்கும் பில் ஆஃப் லேடிங்கை உங்கள் சொந்தப் பெயரில், சரக்கேற்றிச் செல்பவர் என்ற தகுதியில் கையெழுத்திட்டு வழங்கியிருக்கிறீர்கள். ஆகவே எங்களைப் பொறுத்தவரை பொறுப்பாளர் நீங்களே. கப்பல் நிறுவனத்திடமிருந்து நீங்கள் எதைத் திரும்பப் பெறுவது என்பது உங்கள் இருவருக்கும் இடைப்பட்டது.

இழப்பீட்டுக் கணக்கு வருமாறு. இன்வாய்ஸ் மதிப்பின்படி, ஜனவரிச் சரக்கில் 4,620 அமெரிக்க டாலர், ஏப்ரல் சரக்கில் 8,160 டாலர், ஆகஸ்ட் சரக்கில் 22,080 டாலர், ஆக மொத்தம் 34,860 டாலர் இழப்பு. இதனுடன் சர்வே கட்டணம் 1,150 டாலரும், ஏப்ரல் சரக்குக்கு மாற்றாக விமானத்தில் அனுப்ப நேர்ந்த செலவு 6,400 டாலரும் சேர்கின்றன. நனைந்த சரக்கில் ஒரு பகுதியை வாங்குபவர் தள்ளுபடி விலையில் விற்றுத் தந்த 3,300 டாலரைக் கழித்தால், உங்களிடமிருந்து வரவேண்டிய தொகை 39,110 அமெரிக்க டாலர். சரக்கு வாங்குபவரிடம் சேரும்வரை அபாயம் எங்களுடையது என்பதே விற்பனை நிபந்தனை. எனவே இந்த இழப்பு முழுவதும் எங்கள் மேல்தான் விழுந்திருக்கிறது. காப்பீட்டிலிருந்து இதுவரை எத்தொகையும் பெறவில்லை.

உங்கள் பில்லின் பின்பக்க நிபந்தனைகள் ஏற்றுக்கொண்டுள்ள ஹேக்-விஸ்பி விதிகளின் பொறுப்பு வரம்பை நீங்கள் முன்வைத்தாலும், சரக்கின் மதிப்பில் எதையும் குறைக்க இடமில்லை. அவ்வரம்பு ஒரு பொதிக்கு 666.67 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள், அல்லது மொத்த எடையில் கிலோவுக்கு 2 அலகுகள், இவற்றில் எது அதிகமோ அது. பில்லில் சரக்கு பெட்டிக் கணக்கில் எழுதப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு பொதி. எங்கள் பெட்டி எதுவும் 120 டாலருக்கு மேல் மதிப்புடையதல்ல. அது அந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. அதே விதிகளின்படி, சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், ஜனவரிச் சரக்குக்கான காலக்கெடுவை மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கச் சம்மதம் தரும் கடிதத்தை அக்டோபர் 20-க்குள் அனுப்புங்கள். அது வராவிட்டால் காலம் கடக்கும் முன் ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவின்படி நடுவர் தீர்ப்பாயத்தை நாடுவோம்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது செப்டம்பர் 24 அன்று கப்பலேறிய சரக்கின் ஆவணங்கள். வங்கிக் கடன் கடிதத்துக்கு யூசிபி 600 விதிகள் பொருந்துவதால், கப்பலேறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், அதாவது அக்டோபர் 15-க்குள், ஆவணங்கள் வங்கியில் சேர வேண்டும். தவறினால் வங்கி அவற்றை ஏற்க மறுக்கலாம். அப்படி நேரும் இழப்பும் உங்கள் கணக்கில் சேரும். மூன்று அசல் பில் ஆஃப் லேடிங் பிரதிகள், மூலச் சான்றிதழ், பேக்கிங் லிஸ்ட், சுங்க ஏற்றுமதி ஆவணம், மரத்தட்டுகளுக்கான பூச்சிநீக்கச் சான்றிதழ், உறுதி செய்த மொத்த எடைச் சான்று ஆகிய அனைத்தையும் எங்கள் கையெழுத்து அதிகாரக் கடிதத்தோடு அக்டோபர் 8 காலை உங்கள் அலுவலகத்துக்கு வரும் எங்கள் ஆவணப் பிரிவு மேலாளரிடம் ஒப்படையுங்கள். பழைய மூன்று சரக்குகளின் கோப்புகளையும், கன்டெய்னரை ஏற்றபோது எழுதிய பரிசோதனைச் சீட்டுகளையும் அவரிடமே தர வேண்டும்.

தகராறில் உள்ள 940 டாலர் கிடங்கு வாடகையைச் செலுத்தும்வரை ஆவணங்களைத் தரமாட்டோம் என்ற உங்கள் நிலைப்பாடு ஒப்பந்தத்துக்கு முரணானது. 9-ஆம் பிரிவு, அந்தந்தச் சரக்கின் கூலிக்காக அந்தச் சரக்கின் ஆவணங்களை மட்டுமே பிடித்து வைக்க அனுமதிக்கிறது. செப்டம்பர் சரக்கின் கூலியான 3,870 டாலரை இன்று வங்கி மூலம் செலுத்திவிட்டோம், ரசீது இணைக்கப்பட்டுள்ளது. இனி அவற்றை நிறுத்திவைக்க உங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

எங்கள் எழுத்துச் சம்மதமின்றி இச்சரக்கை டெலக்ஸ் ரிலீஸ் மூலமோ வேறு வழியிலோ யாருக்கும் விடுவிக்கக் கூடாது. சுங்கத்தில் எங்கள் சார்பில் ஆவணம் தாக்கல் செய்ய உங்களுக்கு வழங்கிய அதிகாரக் கடிதம் இன்றுடன் ரத்தாகிறது. உங்கள் கிடங்கில் இன்னும் ஏற்றாமல் இருக்கும் 128 பெட்டிகளை அக்டோபர் 9 அன்று எங்கள் புதிய முகவர் எடுத்துச் செல்வார்; அவற்றை எண்ணிச் சரிபார்த்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

இழப்பீட்டுத் தொகை இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எங்கள் கணக்கில் சேர வேண்டும். உங்கள் பொறுப்புக் காப்பீட்டாளருக்கு இக்கோரிக்கையை உடனே தெரிவித்து, அவர்களின் கோரிக்கை எண்ணை எங்களுக்கு அனுப்புங்கள். இக்கடிதத்தில் குறிப்பிடாத உரிமைகள் எதையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஏற்றுமதிப் பிரிவு இயக்குநர்

இணைப்பு: சர்வே அறிக்கைகள், நிழற்படங்கள், இன்வாய்ஸ் நகல்கள், விமானக் கூலி ரசீது, முந்தைய கடிதங்களும் உங்கள் பதில்களும், 3,870 டாலர் செலுத்திய ரசீது.