எர்த்திங்கும் ஆர்.சி.டி.யும்: பராமரிப்புப் பணியாளர்களுக்கான ஸ்லைடுகள்

ஸ்லைடு 1
எர்த்திங்கும் ஆர்.சி.டி.யும்
பராமரிப்புப் பணியாளர் பயிற்சி, 1 மணி நேரம்
கணக்கு எல்லாம் 230 வோல்ட், சிங்கிள் ஃபேஸுக்கு

ஸ்லைடு 2
நாம் பேசும் சொற்கள்
ஃபேஸ், நியூட்ரல், எர்த், லீக்கேஜ், டிரிப்.
ஆர்.சி.டி.: போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று பார்த்து, இல்லையென்றால் லைனைத் துண்டிக்கும் கருவி.

*பேசுபவருக்கு:* ஆர்.சி.டி.யின் முழுப் பெயரை ‘எஞ்சிய மின்னோட்டச் சாதனம்’ என்று முதலில் எழுதினேன். படித்துக் காட்டியதும் "எது எஞ்சியது?" என்று பணியாளர்கள் கேட்டார்கள். அதனால் போர்டுக்கு முன்னால் நின்று சொல்லும் பெயரையே வைத்திருக்கிறேன்.

ஸ்லைடு 3
எர்த் வயர் எதற்கு?
ஃபேஸ் இரும்பு பாடியைத் தொட்டால், கரண்ட் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும்.
அந்த வழி நம் உடம்பாக இருக்கக் கூடாது.
நிறம்: பச்சையும் மஞ்சளும். வேறு வேலைக்கு இந்த நிற வயரை எடுக்காதே.

ஸ்லைடு 4
கம்பி புதைத்தால் போதுமா?
எர்த் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.
230 ÷ 20 = 11.5 ஆம்பியர்
லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆகாது.
பாடியில் வோல்டேஜ் அப்படியே நிற்கும்.

*பேசுபவருக்கு:* இங்கே அவசரப்படாதீர்கள். "எர்த் போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நினைப்பவர்கள் இந்த ஸ்லைடில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். பலகையில் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள். சப்ளை பக்கத்து எர்த்தின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் கரண்ட் இன்னும் குறையும். திரும்பும் வழி முழுவதும் செம்பு வயராக, லூப் 0.5 ஓமாக இருந்தால் கதையே வேறு: 460 ஆம்பியர், எம்.சி.பி. அந்த நொடியே விழுந்துவிடும்.

ஸ்லைடு 5
ஆர்.சி.டி. என்ன பார்க்கிறது?
ஃபேஸில் போனது 5.00 ஆம்பியர்
நியூட்ரலில் வந்தது 4.96 ஆம்பியர்
காணாமல் போனது 40 மில்லி ஆம்பியர்
30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. டிரிப் ஆகிவிடும்.

ஸ்லைடு 6
30, 300
30 மில்லி ஆம்பியர்: ஆளைக் காப்பாற்ற
300 மில்லி ஆம்பியர்: தீப்பிடிக்காமல் காக்க. ஆளுக்கு இது போதாது.
கருவியின் முகப்பில் `IΔn` என்ற இடத்தில் பார்.

ஸ்லைடு 7
எர்த் இல்லாமல் ஆர்.சி.டி. வேலை செய்யுமா?
செய்யும்.
எர்த் இருந்தால்: பழுது வந்தவுடன் டிரிப்.
எர்த் இல்லாவிட்டால்: யாராவது தொட்ட பிறகு டிரிப்.

*பேசுபவருக்கு:* பயிற்சியில் ஒன்றே ஒன்று நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். ஒரு நிமிடம் பேசாமல் விடுங்கள்.

ஸ்லைடு 8
ஆர்.சி.டி. காப்பாற்றாத இடங்கள்
ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல்: அதற்கு நீயும் ஒரு பல்புதான்.
ஓவர்லோடு, ஷார்ட்: அது எம்.சி.பி.யின் வேலை. இரண்டும் ஒரே கருவியில் வேண்டுமா? ஆர்.சி.பி.ஓ.

ஸ்லைடு 9
`T` பட்டன்
அமுக்கினால் ஆர்.சி.டி. விழ வேண்டும். விழாவிட்டால் மாற்று.
விழுந்தால் கருவி அசைகிறது என்று மட்டும் அர்த்தம்.
எர்த் வயர் அறுந்திருந்தாலும் `T` வேலை செய்யும். எர்த்தைத் தனியாக டெஸ்ட் செய்.

ஸ்லைடு 10
ஆர்.சி.டி. நிற்கவே மாட்டேன் என்கிறது
எல்லா எம்.சி.பி.யையும் ஆஃப் செய். ஆர்.சி.டி.யை ஏற்று.
ஒவ்வொன்றாக ஆன் செய். எதில் விழுகிறதோ, பழுது அந்த லைனில்.
அந்த லைனின் பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி பார்.

எல்லாம் ஆஃபாக இருந்தும் விழுகிறதா? நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. சிங்கிள் போல் எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது. மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்.

*பேசுபவருக்கு:* ஒரு தடவை இதற்காக எனக்கு அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் ஸ்விட்ச் பாக்ஸ் ஸ்க்ரூ நியூட்ரல் வயரின் தோலைக் கடித்திருந்தது. லோடு ஏறும்போது மட்டும் விழும் என்றால், இரண்டு ஆர்.சி.டி.யின் நியூட்ரல்கள் ஒரே பட்டையில் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்லைடு 11
செய்யாதே
ஆர்.சி.டி.யை பைபாஸ் செய்யாதே.
சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்காதே. நியூட்ரல் அறுந்தால் பாடி முழுக்க 230 வோல்ட்.
தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்பாதே. நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் போதும்.

ஸ்லைடு 12
இப்போது போர்டுக்கு
இரண்டு இரண்டு பேராக.
1. `IΔn` எவ்வளவு என்று படித்துச் சொல்.
2. `T` அமுக்கு. எந்தெந்த சாக்கெட் அணைந்தது என்று எழுது. அணையாதது எதுவும் இருந்தால் அது இந்த ஆர்.சி.டி.யில் இல்லை.
3. மெயின் ஆஃப், டெஸ்டரால் உறுதி செய். பிறகு சாக்கெட்டின் எர்த் பின்னிலிருந்து எர்த் பட்டை வரை கன்டினியூட்டி பார்.