மூத்த உள்தணிக்கையாளர் பணிக்கான நேர்முகத் தேர்வு: சூழ்நிலை வினாப் பகுதியின் பதிவு

தேர்வுக் குழுவில் உள்தணிக்கைத் துறைத் தலைவர், நிதிக் கட்டுப்பாட்டாளர், மனிதவள மேலாளர் ஆகிய மூவரும் இருந்தனர். கல்வி, அனுபவம் பற்றிய வினாக்கள் முடிந்த பின், விண்ணப்பதாரரிடம் ஒரு பக்கச் சூழ்நிலைத் தாள் வழங்கப்பட்டு, படித்துக் குறிப்பெடுக்கப் பதினைந்து நிமிடம் அளிக்கப்பட்டது. தாளில் இருந்தது இதுதான்:

கட்டடப் பராமரிப்புப் பிரிவு ஐந்து மாதங்களில் ஒரே வழங்குநருக்கு 14 பில்களின் பேரில் மொத்தம் 56,90,000 செலுத்தியுள்ளது. பிரிவு மேலாளர் தாமாக ஒப்புதல் அளிக்கக்கூடிய வரம்பு 5,00,000. அதற்கு மேற்பட்ட தொகைக்கு மூன்று விலைப்புள்ளிகளும் நிதி இயக்குநரின் ஒப்புதலும் தேவை. 14 பில்களில் 11 பில்கள் 4,70,000-க்கும் 4,99,000-க்கும் இடைப்பட்டவை. மற்ற மூன்றும் தலா 1,20,000. பில் எண்கள் 041 முதல் 054 வரை விடுபடாமல் தொடர்கின்றன. பெரும்பாலான பதிவுகள் இரவு எட்டு மணிக்குப் பின் ஒரே பயனர் கணக்கிலிருந்து செய்யப்பட்டு, ஐந்து நிமிடங்களுக்குள் மேலாளரின் ஒப்புதலைப் பெற்றுள்ளன. இந்த வழங்குநர் முதல் பில்லுக்கு ஒன்பது நாள்களுக்கு முன்புதான் வழங்குநர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்.

தலைவர்: தாளைப் படித்ததும் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது?

விண்ணப்பதாரர்: ஒப்புதல் வரம்பை ஒட்டிய தொகைகள்தாம் எவர் கண்ணிலும் முதலில் படும், ஐயா. ஆனால் என்னை அதிகம் நிறுத்தியது பில் எண்கள். ஒரு நிறுவனம் ஐந்து மாதங்களில் கொடுத்த 14 பில்களும் இடையில் ஓர் எண்கூட விடுபடாமல் நமக்கே வந்திருக்கின்றன என்றால், அந்தக் காலத்தில் அவர்களுக்கு நம்மைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை, அல்லது நமக்கென்று தனி எண்வரிசை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவதும் நடக்கக்கூடியதே. ஆகவே இதனைக் கேள்வியாக எழுப்பலாம். முடிவாகச் சொல்ல முடியாது. இரவு நேரப் பதிவுக்கு இதைவிடக் குறைந்த எடையையே தருவேன். மாத இறுதியில் பில் பதிவு செய்பவர்கள் இரவு வரை இருப்பது எல்லா அலுவலகங்களிலும் உண்டு. மற்ற வழங்குநர்களின் பில்கள் எந்த நேரத்தில் பதிவாகின்றன, ஒப்புதலுக்கு எவ்வளவு நேரமாகிறது என்று ஒப்பிட்டால்தான் அந்த ஐந்து நிமிடம் வழக்கத்துக்கு மாறானதா என்று தெரியும்.

நிதிக் கட்டுப்பாட்டாளர்: முதல் இலக்கங்களின் பரவலைப் பற்றிய பென்ஃபோர்டு விதியை இங்கே பயன்படுத்துவீர்களா?

விண்ணப்பதாரர்: இந்த 14 பில்களுக்குப் பயன்படுத்த மாட்டேன். அந்த விதிப்படி 4 என்ற முதல் இலக்கம் ஏறத்தாழ 9.7 விழுக்காடு தொகைகளில் வர வேண்டும். ஆனால் அது பல்வேறு அளவுகளில் பரவிய ஆயிரக்கணக்கான தொகைகளுக்கே பொருந்தும். நான்கு, ஐந்து டஜன் எண்களுக்குக்கூட அது நம்பத்தக்கதல்ல. பிரிவின் மூன்றாண்டுச் செலவுப் பதிவுகள் முழுவதையும் எடுத்து, வேறெங்கெல்லாம் வரம்புக்குச் சற்றுக் கீழே தொகைகள் குவிந்திருக்கின்றன என்று தேட அது உதவும். ஒப்புதல் வரம்பே மனிதர்களின் தேர்வை வளைக்கும் என்பதால், குவிதல் தென்பட்ட இடத்திலும் அது நேர்மையான காரணத்தால் வந்ததா என்று தனியே பார்க்க வேண்டும்.

தலைவர்: அடுத்த இரண்டு நாள்களில் என்ன செய்வீர்கள்?

விண்ணப்பதாரர்: முதலில், பிரிவில் எவரிடமும் எதுவும் கேட்பதற்கு முன், தரவை என் கைக்குப் பாதுகாப்பாகக் கொண்டு வருவேன். பில்களின் நகல், கொள்முதல் ஆணைகள், பணிநிறைவுச் சான்றுகள், வழங்குநர் பட்டியலில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற மாற்றப் பதிவு, பயனர் உள்நுழைவு நேரங்கள் ஆகியவற்றைத் தகவல் தொழில்நுட்பத் துறையிடம், வழக்கமான ஆண்டுத் தணிக்கைக்கான கோரிக்கையின் பகுதியாகவே கேட்பேன். இந்த ஒரு வழங்குநரை மட்டும் சுட்டிக் கேட்டால் செய்தி மாலைக்குள் பிரிவுக்குப் போய்விடும். பின்பு கொள்முதல் ஆணையின் தேதி பில்லின் தேதிக்குப் பிந்தியதா, வழங்குநரின் வங்கிக் கணக்கு எண்ணோ முகவரியோ பணியாளர் பட்டியலில் உள்ள எவருடையதுடனாவது ஒத்துப்போகிறதா, மேலாளர் விடுப்பில் இருந்த நாள்களில் அவரது கணக்கிலிருந்து ஒப்புதல் போயிருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகச் சொன்னது முக்கியம். கடவுச்சொல்லைப் பிறருடன் பகிர்ந்திருந்தால், ஒப்புதலில் பெயர் இருப்பவரே ஒப்புதல் அளித்தவர் என்று சொல்ல முடியாது. இதற்கும் மேலாக, வேலை உண்மையிலேயே நடந்ததா என்பதை நேரில் பார்க்க வேண்டும். 4,85,000-க்குக் குளிரூட்டிக் கருவிகள் பழுதுபார்க்கப்பட்டதாகப் பில் இருந்தால், எந்தக் கருவி, எந்த உதிரிப்பாகம், வாயில் பதிவேட்டில் அந்த ஆட்கள் உள்ளே வந்த பதிவு இருக்கிறதா என்று தேடுவேன். தாள்களெல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் போவது எளிது; வாயில் பதிவேட்டைக் காவலர் வேறு நோக்கத்துக்காக எழுதுவதால் அது பெரும்பாலும் பொருந்த வைக்கப்படாமல் இருக்கும்.

(இந்தப் பதிலின்போது தலைவர் தம் குறிப்பேட்டில் “வாயில் பதிவேடு” என்று எழுதி அடிக்கோடிட்டார்.)

நிதிக் கட்டுப்பாட்டாளர்: இப்போது ஒரு கூடுதல் தகவல் தருகிறேன். வழங்குநருடன் முறையான ஆண்டு ஒப்பந்தம் ஒன்று கிடைத்துவிட்டது. மாதம் 1,20,000 பராமரிப்புக் கட்டணம். உங்கள் சந்தேகம் தீர்ந்ததா?

விண்ணப்பதாரர்: மூன்று பில்களுக்கு விளக்கம் கிடைத்திருக்கிறது. அவற்றை என் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தைப் பணித்தாளில் எழுதி வைப்பேன். மீதமுள்ள 11 பில்களின் 53,30,000 அப்படியேதான் இருக்கிறது. அத்துடன் ஒப்பந்தமே ஒரு புதிய கேள்வியைக் கொண்டுவருகிறது: ஐந்து மாதங்களுக்கு ஐந்து கட்டணப் பில்கள் வந்திருக்க வேண்டும், மூன்றுதான் உள்ளன. அந்த இரண்டு மாதங்களின் கட்டணம் பெரிய பில்களில் ஏதேனும் ஒன்றுக்குள் சேர்ந்திருக்கிறதா, வேலையே நடக்கவில்லையா, அல்லது ஒப்பந்தம் இடையில்தான் தொடங்கியதா என்று அறிய வேண்டும். கட்டணத்துக்குள் அடங்கிய பணிகளுக்கே தனியாகவும் பில் வந்திருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தின் பணி வரையறையோடு ஒவ்வொரு பில்லையும் வைத்துப் படித்தால்தான் தெரியும்.

மனிதவள மேலாளர்: அந்தப் பிரிவு மேலாளர் பலராலும் மதிக்கப்படுபவர். அவரை நேரடியாக அழைத்துக் கேட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அல்லவா? அப்படிச் செய்யாதது அவருக்கு அநீதி ஆகாதா?

விண்ணப்பதாரர்: அவரிடம் கேட்கத்தான் வேண்டும், அவரது விளக்கம் இல்லாமல் அறிக்கை முழுமை பெறாது. ஆனால் எப்போது, யார் முன்னிலையில் என்பதைத் தணிக்கைத் துறைத் தலைவர் முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே கேட்டால், அவர் தவறு செய்திருந்தால் ஆவணங்கள் மாறக்கூடும். செய்யாதிருந்தால் அவருக்குக் கீழே உள்ள வேறொருவர் எச்சரிக்கையடையக் கூடும். அவர் நற்பெயரைக் காப்பதற்கான வழி, ஆதாரம் சேரும்வரை அவர் பெயர் தேவையற்ற எவர் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்வதே என்று கருதுகிறேன்.

தலைவர்: எனக்கு எழுதும் முதல் அறிவிப்பின் முக்கியப் பகுதியை இப்போதே எழுதிக் காட்டுங்கள்.

விண்ணப்பதாரர் ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டு எழுதியது:

“பராமரிப்புப் பிரிவின் ஐந்து மாதச் செலவுகளை ஆய்ந்ததில், ஒரே வழங்குநரின் 11 பில்கள் (மொத்தம் 53,30,000) பிரிவு மேலாளரின் ஒப்புதல் வரம்பான 5,00,000-க்குக் கீழே 1,000 முதல் 30,000 வரையிலான இடைவெளியில் அமைந்துள்ளதைக் கண்டோம். வரம்பைக் கடக்கும் பணிகளுக்கு மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும் என்பது கொள்முதல் விதி. இந்தப் பணிகள் ஒரே பணியின் பகுதிகளா, தனித்தனிப் பணிகளா என்பது இன்னும் உறுதியாகவில்லை; பணிநிறைவுச் சான்றுகளை நேரில் சரிபார்த்த பின்பே அது தெரியவரும். ஒரே பணி பிரிக்கப்பட்டிருந்தால் விலை ஒப்பீடு இல்லாமல் செலவு நடந்திருக்கிறது. பணியே நடக்காதிருந்தால் இழப்பு முழுத் தொகையளவுக்குச் செல்லும். நிலுவையிலுள்ள பில்களுக்குப் பணம் வழங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது பற்றி நிர்வாகம் முடிவெடுக்கலாம். பிரிவினருடன் இதுவரை எந்தத் தொடர்பும் கொள்ளப்படவில்லை.”

நிதிக் கட்டுப்பாட்டாளர்: “மோசடி” என்ற சொல்லையே தவிர்த்திருக்கிறீர்கள். நிர்வாகத்துக்குத் தீவிரம் புரிய வேண்டாமா?

விண்ணப்பதாரர்: தீவிரத்தைத் தொகையும் விதி மீறலும் உணர்த்தும். மோசடி என்பது ஒருவரின் உள்நோக்கத்தைப் பற்றிய முடிவு. அது விசாரணைக்குப் பின்னர், பெரும்பாலும் சட்ட ஆலோசனையோடு வர வேண்டியது. பணத்தை நிறுத்தும் உத்தரவையும் நான் இடவில்லை, ஏனெனில் அது நிர்வாகத்தின் பொறுப்பு. இன்று நிறுத்தச் சொல்லிக் கையெழுத்திட்டால், நாளை அதே செயல்முறையை நான் தணிக்கை செய்யும்போது என் சுதந்திரம் கேள்விக்குள்ளாகும்.

தலைவர்: கடினமான பகுதிக்கு வருவோம். நிதி இயக்குநர் உங்களை அழைத்து, “இதை எழுத்தில் கொண்டுவர வேண்டாம், நானே பேசித் தீர்க்கிறேன்” என்கிறார். என்ன செய்வீர்கள்?

விண்ணப்பதாரர்: அவரோடு வாதிட மாட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, உங்களிடம் தெரிவிக்க வேண்டிய கடமை எனக்கு இருப்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு, அதே நாளில் அந்த உரையாடலின் தேதி, நேரம், சொல்லப்பட்டவை ஆகியவற்றைக் குறித்து உங்களிடம் அளிப்பேன். அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. அவரே சம்பந்தப்பட்டிருக்கலாம் என்று காட்டும் ஆதாரம் இருந்தால், அவர் மூலமாக அறிக்கை போகக் கூடாது. தணிக்கைக் குழுவிடம் செல்லும் வழி நமது தணிக்கைச் சாசனத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

தலைவர்: நானே அதை மறைக்கச் சொன்னால்?

விண்ணப்பதாரர் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

விண்ணப்பதாரர்: முதலில் உங்கள் காரணத்தை எழுத்தில் கேட்பேன். கிடைக்காவிட்டால், தணிக்கைக் குழுத் தலைவரிடம் நேரடியாகப் போவேன். அது எளிதான காரியமல்ல. என் வேலை போகலாம் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

மனிதவள மேலாளர்: எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?

விண்ணப்பதாரர்: ஒன்று. உள்தணிக்கைத் துறைத் தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் ஊதியத்தை நிர்ணயிப்பதும் யார்?

தலைவர்: அன்றாட நிர்வாகத்துக்கு நான் நிர்வாக இயக்குநருக்கு உட்பட்டவன். நியமனம், நீக்கம், ஊதியம் மூன்றுக்கும் தணிக்கைக் குழுவின் ஒப்புதல் தேவை. ஆண்டுக்கு இருமுறை, நிர்வாகத்தினர் எவரும் இல்லாமல் அக்குழுவை நான் தனியே சந்திப்பதுண்டு.

விண்ணப்பதாரர்: அந்தச் சந்திப்பில் மூத்த தணிக்கையாளர்களும் கலந்துகொள்ள முடியுமா?

தலைவர்: இதுவரை இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

குழுவின் மதிப்பீட்டுக் குறிப்பு: ஆதாரத்தையும் அனுமானத்தையும் பிரித்து எழுதுவதில் விண்ணப்பதாரர் மிகத் தெளிவாக இருக்கிறார், இரண்டு கட்டணப் பில்கள் விடுபட்டதைத் தாமாகக் கண்டது இவர் ஒருவரே. வழங்குநரை வழங்குநர் பட்டியலில் சேர்க்க ஒப்புதல் அளித்தவர் யார் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது நிதிக் கட்டுப்பாட்டாளரின் கருத்து. மாற்றப் பதிவைக் கேட்டபோதே அதுவும் அதற்குள் அடங்கிவிட்டது எனத் தலைவர் கருதுகிறார். இந்த வேறுபாட்டோடு, இறுதிச் சுற்றுக்கு இவரை அழைக்க மூவரும் பரிந்துரைக்கின்றனர்.